ஏர்பேக் இல்லாத போலோவும் ஆறு ஏர்பேக் ஆல்டோவும்

என் தங்கையின் கணவர் கார் வாங்குவதற்காக ஒரு தொகையைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னிடம் இரண்டு பெயர்களைச் சொன்னார். ஒன்று, 2013-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ பெட்ரோல் வண்டி. அடிப்படை ரகம், ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. ஒரே உரிமையாளர் கோவைக்குள்ளேயே ஓட்டியது. இன்னொன்று, ஷோரூமிலிருந்து வரப்போகும் புது மாருதி ஆல்டோ கே10. அதில் ஆறு ஏர்பேக், ஏபிஎஸ், இஎஸ்பி எல்லாம் உண்டு. விலையில் போலோ வெகுவாகக் குறைவு. அவர் மனம் போலோவின் பக்கம் சாய்ந்திருந்தது. விலை மட்டும் அதற்குக் காரணம் இல்லை. "மச்சான், கதவைச் சாத்திப் பாருங்க, டப்புன்னு கேக்குது. ஆல்டோ கதவு தகர டப்பா மாதிரி இருக்கு. ஏர்பேக் ஆறு வச்சு என்ன, வண்டி தாங்கணுமில்ல?" என்றார்.

நான் காப்பீட்டுச் சேதங்களை மதிப்பிடும் சர்வேயராக வேலை பார்க்கிறேன். மோதிய வண்டிகளைப் பார்ப்பதே அன்றாடப் பிழைப்பு. அந்தக் கேள்வியை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அதில் பாதி சரி. வண்டியின் கூடு தாங்க வேண்டும் என்பது சரி. அதைக் கதவின் ஓசையால் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் தவறு. இத்தகைய கார்களில் கதவின் வெளித்தகடு பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன் கொண்டது. மோதலின் சுமையைத் தாங்குவது அதன் வேலையே இல்லை. ஓசை கனமாகக் கேட்பதற்கு ரப்பர் பீடிங், உள்ளே ஒட்டிய அதிர்வுத் தடுப்புப் பட்டைகள், பூட்டின் அமைப்பு ஆகியவையே காரணம். சுமையைத் தாங்குபவை முன் கண்ணாடியின் இருபுறமும் இறங்கும் தூண்கள், கதவுக்கு அடியில் ஓடும் வாசற்படிப் பெட்டி, எஞ்சினின் இருபக்கமும் நீளும் உத்திரங்கள், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சுவர். இவற்றில் எந்த எஃகைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், எத்தனை இடத்தில் பற்றவைத்திருக்கிறார்கள் என்பதைக் கதவைத் தட்டி யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் போலோ விஷயத்தில் நாம் ஊகிக்க வேண்டிய தேவையில்லை. குளோபல் என்கேப் அமைப்பு முதன்முதலாக இந்தியக் கார்களை மோதவிட்டு 2014 ஜனவரியில் முடிவுகளை வெளியிட்டபோது, அந்த ஐந்து வண்டிகளில் இதுவும் ஒன்று. ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ ஆகியவை மற்ற நான்கு. ஐந்துமே ஏர்பேக் இல்லாத அடிப்படை ரகங்கள்; மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், வண்டியின் முகப்பில் நாற்பது விழுக்காடு மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய ஒரு தடுப்பின் மீது மோதவிடப்பட்டவை. ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம் பெற்றன. அறிக்கையின் உள்ளே போனால் ஐந்து பூஜ்யங்களும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றின் கூடும் நிலைகுலைந்தது. ஃபிகோ, போலோ இரண்டின் கூடும் உறுதியாக நின்றது. அதாவது போலோவில் மனிதன் உட்காரும் அறை அப்படியே இருந்தது. ஆனாலும் அந்த அறைக்குள் மனிதனுக்குப் பதிலாக உட்காரவைத்த சோதனைப் பொம்மையின் தலையும் மார்பும் உயிருக்கு ஆபத்தான அளவில் அடிபட்டன.

அதே போலோவை இரண்டு முன் ஏர்பேக்குகளுடன் மறுபடி மோதவிட்டார்கள். நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அந்தக் கம்பெனி ஏர்பேக் இல்லாத போலோவை இந்தியாவில் விற்பதை அத்துடன் நிறுத்தி, 2014 பிப்ரவரி முதல் எல்லா ரகத்திலும் இரண்டு ஏர்பேக்கைப் பொருத்தியது. ஆக, நம் மாப்பிள்ளை பார்த்துவைத்த 2013 வண்டி, பூஜ்யம் வாங்கிய அதே வண்டி. ஓராண்டு தள்ளித் தயாரான வண்டி, நான்கு வாங்கிய வண்டி. தெருவில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டுக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். ஸ்டியரிங்கின் நடுமூடியில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்டு.

இதற்கு நேர்மாறான இன்னொரு பூஜ்யமும் இருக்கிறது. 2016-இல் ரெனோ க்விட் வண்டியை அதே அமைப்பு மோதவிட்டது. ஏர்பேக் இல்லாத வடிவம் மட்டுமல்லாமல், ஓட்டுநர் ஏர்பேக் பொருத்திய வடிவமும் பூஜ்யமே வாங்கியது. கூடு தாங்காவிட்டால் ஏர்பேக்கால் பயன் இல்லை. ஸ்டியரிங் தண்டே பின்னால் தள்ளப்பட்டு இடம் மாறினால், அதிலிருந்து விரியும் பை தலைக்கு நேராக வந்து நிற்காது. 2014 இறுதியில் டாட்சன் கோ பூஜ்யம் வாங்கியபோது, அதன் கூடு இவ்வளவு பலவீனமாக இருக்கும்போது ஏர்பேக் வைத்தும் பயனில்லை என்று அந்த அமைப்பே சொன்னது.

மாப்பிள்ளைக்கு இந்த இரண்டு பூஜ்யங்களையும்தான் முதலில் விளக்கினேன். கூடு, மனிதன் உயிர்வாழ்வதற்கான இடத்தைக் காப்பாற்றித் தருகிறது. அந்த இடத்துக்குள் அவன் உடல் எப்படி நிற்கிறது என்பது பெல்ட்டின் வேலை, ஏர்பேக்கின் வேலை. மோதல் தொடங்கி முடிவதற்கு வினாடியில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிக நேரம்தான் ஆகிறது. வண்டி நின்றுவிடுகிறது, உடல் பழைய வேகத்திலேயே போகிறது. ஏர்பேக் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் முன் இருக்கை பெல்ட்டில் ஒரு சிறிய வெடிமருந்துக் குப்பி இருக்கும்; மோதலை உணர்ந்த கணத்தில் அது வெடித்துப் பெல்ட்டைச் சில சென்டிமீட்டர் உள்ளே இழுத்து, தளர்வை நீக்கி உடலை இருக்கையோடு சேர்க்கிறது. அதன் பிறகு சுமை ஓர் அளவைத் தாண்டினால் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடப்படுகிறது, விலா எலும்பு முறியாதபடி. அந்த நேரத்துக்குள் பை விரிந்து காத்திருக்கிறது. தலை அதில் அமிழ்கிறது. ஏர்பேக் இல்லாத பழைய அடிப்படை ரகங்களில் பெரும்பாலும் இந்த இழுவைக் குப்பியும் இருக்காது. பெல்ட் பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சட்டைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இருந்த தளர்வு முழுவதும் தலை முன்னேறும் தூரமாக மாறி, நெற்றி ஸ்டியரிங் வளையத்தை எட்டிவிடுகிறது.

மோதிய வண்டியில் பெல்ட் போட்டிருந்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள நாங்கள் பெல்ட் பட்டையைத்தான் முதலில் முழுக்க வெளியே இழுத்துப் பார்ப்போம். உடல் எடை முழுவதும் அதில் விழுந்திருந்தால், தோளுக்கு மேலே பெல்ட் நுழைந்து வரும் பிளாஸ்டிக் வளையம் பட்டையின் மீது உரசி, உருகிய பளபளப்பான கோடு ஒன்றை விட்டிருக்கும். குப்பி வெடித்திருந்தால் பட்டை உள்ளே போகாமல் இறுகி நிற்கும். ஏர்பேக் விரிந்து, பெல்ட்டில் கோடு இல்லாமல், முன் கண்ணாடியில் சிலந்தி வலைபோல் வட்ட விரிசல் இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெல்ட் போடாதவர் பை முழுதாக விரிவதற்கு முன்பே அதன்மேல் போய் விழுகிறார். அப்போது காப்பாற்ற வேண்டிய பையே முகத்தில் அறைகிறது. ஆறு ஏர்பேக் என்ற விளம்பரத்தில் இந்தப் பகுதி வருவதில்லை.

இனி ஆல்டோ கே10. இதையும் குளோபல் என்கேப் மோதவிட்டு 2023 ஏப்ரலில் முடிவை அறிவித்தது. பெரியவர்களுக்கு இரண்டு நட்சத்திரம், குழந்தைகளுக்குப் பூஜ்யம். மாப்பிள்ளை இதை எங்கோ படித்துவிட்டு, "அதுக்கு ரெண்டு, போலோவுக்கு நாலு" என்று ஒப்பிட்டார். இதில் இரண்டு சிக்கல்கள். நான்கு வாங்கியது அவர் வாங்கவிருந்த போலோ அல்ல என்பது முதலாவது. இரண்டாவது, 2022 ஜூலைக்குப் பிறகு அந்த அமைப்பு தன் விதிகளை இறுக்கிவிட்டது. பழைய முறையில் பெரும்பாலும் முன்பக்க மோதலை மட்டும் வைத்தே மதிப்பெண் போட்டார்கள். புதிய முறையில் பக்கவாட்டு மோதலும் கணக்கில் சேர்ந்தது; உயர்ந்த நட்சத்திரங்களுக்கு இஎஸ்பி, பாதசாரிப் பாதுகாப்பு முதலியவையும் வேண்டும் என்றானது. 2014-இன் நான்கும் 2023-இன் இரண்டும் வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்கள். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 2023-இல் மோதவிட்ட ஆல்டோவில் முன் ஏர்பேக் இரண்டு மட்டுமே இருந்தன. 2025-இல்தான் எல்லா ரகத்துக்கும் ஆறு வந்தன. கூடுதலாக வந்த நான்கும் பக்கவாட்டுக்கானவை: இருக்கையின் ஓரத்திலிருந்து மார்புக்கு ஒன்று, கூரையோரத்திலிருந்து திரைபோல் இறங்கித் தலையைக் காப்பது இன்னொன்று, இப்படி இரு பக்கமும். முன்பக்க மோதலில் இவற்றால் பெரிய மாற்றம் வராது. பக்கவாட்டில் மாற்றம் பெரிது.

நம் ஊர்ச் சாலைகளில் இந்தப் பக்கவாட்டு வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பழைய நெடுஞ்சாலைகளின் இருபுறமும் நிற்கும் புளியமரங்களில் சறுக்கிப்போய்க் கதவுப் பக்கமாக மோதிய வண்டியில், மனிதனுக்கும் மரத்துக்கும் இடையே இருப்பது ஒரு சாண் அகலம் கொண்ட கதவு மட்டுமே. முன்னால் இருப்பதுபோல் நசுங்கி வேகத்தைக் குறைக்கும் இடம் அங்கே கிடையாது. மரம் ஜன்னல் வழியாக நேரே தலையை எட்டுகிறது. அங்கே திரை ஏர்பேக் ஒன்றுதான் தடுப்பு. 2013 போலோவில் அது இல்லை. 2014-க்குப் பின் வந்த, நான்கு நட்சத்திரம் பெற்ற போலோவின் இரண்டு ஏர்பேக்குகளும் அந்தக் கணத்தில் விரியப்போவதில்லை.

ஆனால் எடை என்ற ஒன்று இருக்கிறதே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆல்டோவுக்கு எதிரான வலுவான வாதம் அதுவே. மோதல் சோதனையில் ஒவ்வொரு வண்டியும் தன்னுடைய எடையோடுதான் மோதுகிறது. தனக்குச் சமமான எடையுள்ள வண்டியோடு மோதினால் என்ன ஆகும் என்பதைத்தான் நட்சத்திரம் சொல்கிறது. சாலையில் எதிரே வருவது நமக்குச் சமமான எடையாக இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

ஆல்டோ ஏறத்தாழ 750 கிலோ. போலோ ஆயிரத்தைத் தாண்டும். கணக்குக்காக 1,050 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஆளுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கனமான வண்டி லேசானதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆல்டோவுக்குள் இருப்பவருக்கு வேகம் மாறிய அளவு 58 கிலோமீட்டர், போலோவுக்குள் இருப்பவருக்கு 42. உடலில் ஏறும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் ஆல்டோக்காரருக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு அடி. இது சிறிய வேறுபாடு அல்ல.

எதிரே வருவது இரண்டு டன் எஸ்யூவி என்றால்? ஆல்டோவுக்கு 73, போலோவுக்கு 66. இடைவெளி சுருங்கிவிட்டது. பதினைந்து டன் எடையுள்ள பேருந்தோ லாரியோ வந்தால் ஆல்டோவுக்கு 95, போலோவுக்கு 93. வேறுபாடு இல்லாமலே போய்விட்டது. அந்த வேகத்தில் இரண்டு வண்டிகளின் கூடும் சோதிக்கப்பட்டதே இல்லை. புளியமரத்தில் மோதினால் எடையால் ஓர் உதவியும் இல்லை, ஏனென்றால் மரம் நகராது. வண்டியின் எடை அதிகமானால் அது நசுங்கிக் கரைக்க வேண்டிய ஆற்றலும் அதே அளவு அதிகமாகிறது. சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்பக்கம் நுழைந்த வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வண்டியின் உத்திரங்கள் லாரியின் அடியில் போய்விடுகின்றன, நேரே கண்ணாடித் தூண்தான் சுமையை வாங்குகிறது. எடையும் கூடும் நட்சத்திரமும் எதுவும் அங்கே பெரிதாகப் பேசுவதில்லை.

ஆகவே போலோவின் கூடுதல் முன்னூறு கிலோ, சாலையில் நடக்கும் ஒரு குறிப்பிட்ட வகை விபத்தில், கார் காரோடு நேருக்கு நேர் மோதும்போது, உண்மையான நன்மை. அதற்குள்ளும் அந்த நன்மையை அனுபவிப்பதற்குப் பெல்ட் இழுவையும் ஏர்பேக்கும் தேவைப்படுகின்றன. வேக மாற்றம் 42 என்பதும் ஏர்பேக் இல்லாத நெற்றிக்குக் குறைவான வேகம் அல்ல.

மோதலுக்கு முந்தைய இரண்டு வினாடிகளைப் பற்றி இதுவரை நான் பேசவில்லை. என் அனுபவத்தில் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் உள்ள இடைவெளி ஏர்பேக்கைவிட இங்கே அதிகமாகப் புலப்படுகிறது. மணிக்கு 80-இல் போய்க்கொண்டிருக்கும்போது வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு பைக் திடீரென்று குறுக்கே திரும்புகிறது. கால் பிரேக்குக்குப் போய்ச் சேரும் ஒரு வினாடியில் வண்டி 22 மீட்டர் கடந்துவிடும். உலர்ந்த தாரில் நல்ல டயருடன் அதற்கு மேல் நிற்க ஏறக்குறைய 36 மீட்டர் தேவை. இதுவரை ஏபிஎஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு அதிகம் மாறாது. மாறுவது அடுத்த கட்டத்தில். பதற்றத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கிறோம். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரங்கள் பூட்டிக்கொள்கின்றன. பூட்டிய சக்கரம் ஸ்டியரிங்கின் பேச்சைக் கேட்காது. இடப்பக்கம் இருக்கும் இடைவெளியை நாம் பார்க்கிறோம், ஸ்டியரிங்கை ஒடிக்கிறோம், வண்டி நேராகவே போய்க்கொண்டிருக்கிறது. ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாமல் வினாடிக்குப் பலமுறை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிறது. மிதியில் கடகடவென்று அதிர்வு தெரியும். அந்த அதிர்வைக் கண்டு பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு, எடுக்கக்கூடாது. மிதித்தபடியே திருப்பலாம் என்பதுதான் அதன் முழுப் பயனும்.

இஎஸ்பி இன்னொரு படி. ஸ்டியரிங் காட்டும் திசையையும் வண்டி உண்மையில் திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஏதேனும் ஒரு சக்கரத்தை மட்டும் தானே பிடிக்கிறது. இடப்பக்கம் ஒதுங்கிவிட்டு உடனே வலப்பக்கம் திரும்பும்போது பின்பக்கம் ஆடி, வண்டி குறுக்காகச் சறுக்குவதைத் தடுப்பது இதுதான். மேலே சொன்ன புளியமரத்துக்கு வண்டி கதவுப் பக்கமாகப் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்தச் சறுக்கலால்தான். மழை பெய்த முதல் அரை மணி நேரத்தில், தாரின் மேல் எண்ணெயும் புழுதியும் கலந்து வழவழப்பாக இருக்கும்போது, இந்தக் கருவியின் விலை என்ன என்று தெரியும். பழைய வண்டியில் இதையும் ஏபிஎஸ்ஸையும் பின்னால் பொருத்த முடியாது. பட்டறையில் "ஏபிஎஸ் மாட்டித் தர்றேன்" என்று சொல்கிறவர்களிடமிருந்து விலகியிருப்பதே நல்லது. ஏர்பேக்குக்கும் அதே பதில்தான்.

மாப்பிள்ளை வீட்டில் இரண்டு குழந்தைகள். அவர்கள் பின்னால்தான் உட்காரப் போகிறார்கள். இந்த இடத்தில் இரண்டு வண்டிகளுக்கும் இடையே இருக்கும் தூரம் திடீரென்று குறைந்துவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பின் இருக்கைக்காரருக்கு எதிரே விரியும் ஏர்பேக் இந்த இரண்டு வண்டியிலும் இல்லை. ஆல்டோவின் திரை ஏர்பேக் பின்பக்கத் தலைக்கும் பக்கவாட்டில் உதவும்; நேர் மோதலில் பெல்ட்தான் எல்லாம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே இறந்தபோது, அவர் பயணித்தது விலையுயர்ந்த மெர்சிடிஸ் வண்டியில்; பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருந்தார். பின்னால் பெல்ட் போடாதவர் தான் சாவதோடு நிற்பதில்லை. முன் இருக்கையின் முதுகில் மோதி, பெல்ட் போட்ட ஓட்டுநரையும் ஏர்பேக்குக்கும் தனக்கும் நடுவே நசுக்குகிறார். ஆல்டோவின் குழந்தைப் பூஜ்யத்தைப் பார்த்துத் தங்கை கவலைப்பட்டாள். குழந்தை இருக்கை ஒன்றை வாங்கிப் பெல்ட்டால் சரியாகக் கட்டினால் எந்த வண்டியிலும் நிலைமை வெகுவாக மாறும் என்றேன். மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காரும் பழக்கத்தை மட்டும், எந்த வண்டியாக இருந்தாலும், அன்றோடு விட்டுவிடும்படி அவளிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். விரியும் ஏர்பேக்குக்கும் தாய்க்கும் நடுவே குழந்தை இருக்கக்கூடாது.

இந்த இரண்டுக்குள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் ஆல்டோவைத்தான் சொல்வேன். அதைத் தயக்கமில்லாமல் சொன்னேன். கூடவே, ஊருக்குள் ஓட்டுங்கள், நெடுஞ்சாலையில் எண்பதுக்கு மேல் போகாதீர்கள் என்றும் சொன்னேன். தொண்ணூறிலிருந்து எழுபத்தைந்துக்கு வந்தாலே மோதல் ஆற்றலில் முப்பது விழுக்காடு குறைகிறது. அதைத் தரும் கருவி எந்த ஷோரூமிலும் இல்லை. ஆனால் ஒரு பழையதையும் ஒரு புதியதையும் எதிரெதிரே நிறுத்தியதால், நடுவில் இருந்த வண்டிகளை அவர் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இந்தியாவில் சட்டம் படிப்படியாக வந்தது. 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் முன்பக்க, பக்கவாட்டு மோதல் விதிகள் கட்டாயமாயின. 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக்கும் வேக எச்சரிக்கையும் பெல்ட் நினைவூட்டலும் வந்தன. முன்பயணி ஏர்பேக் 2022 தொடக்கத்திலிருந்துதான் எல்லா வண்டிக்கும் கட்டாயம். பழைய வண்டி வாங்குகிறவர் மாடலின் பெயரைவிடப் பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பு மாதத்தை இந்தத் தேதிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2019 மார்ச்சில் தயாரான அடிப்படை ரகமும் அதே ஆண்டு ஆகஸ்டில் தயாரான அடிப்படை ரகமும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டாவதில் ஏபிஎஸ்ஸும் ஒரு ஏர்பேக்கும் நிச்சயம்.

அந்தத் தொகைக்குள் 2020-ஆம் ஆண்டு டாடா டியாகோ கிடைத்தது. 2020 ஜனவரியில் குளோபல் என்கேப் பழைய முறையில் நான்கு நட்சத்திரம் தந்த வண்டி. இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ், ஆல்டோவைவிட நல்ல எடை. இஎஸ்பி இல்லை, திரை ஏர்பேக் இல்லை. அதையும் மறைக்காமல் சொன்னேன். ஐந்து வயது வண்டியில் இன்னொரு அபாயம் உண்டு: தாளில் நான்கு நட்சத்திரம் வாங்கிய கூடு, நம் கையில் வரும் வண்டியில் இன்னும் அதே கூடுதானா என்பது. ஒரு முறை பலமாக மோதி, தூணை வெட்டி ஒட்டிய வண்டிக்கு நட்சத்திரம் கிடையாது.

முதலில் பார்த்த டியாகோ வண்டி பளபளப்பாக இருந்தது. கதவின் ரப்பர் பீடிங்கைக் கையால் உரித்துப் பார்த்தேன். கம்பெனியில் பற்றவைத்த புள்ளிகள் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாகக் குழிந்திருக்கும். இந்த வண்டியின் ஓட்டுநர் பக்கத் தூணில் அந்தப் புள்ளிகள் இல்லை, மேலே மெத்தென்று பட்டி பூசி வண்ணம் அடித்திருந்தது. பானட்டைத் திறந்து, முன் உத்திரங்களின் நுனியையும் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகளையும் பார்த்தேன். போல்ட் தலைகளில் வண்ணம் பெயர்ந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தது. சாவியைத் திருப்பியபோது மற்ற விளக்குகள் எரிந்தன, ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை. அது சாவி போட்டதும் சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் கோளாறை யாரோ மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். விரிந்துபோன ஏர்பேக்குக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை மாட்டிக் கணினியை ஏமாற்றுகிறவர்களும் உண்டு, அப்போது விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும். ஆகையால் விளக்கை மட்டும் நம்பாமல் டேஷ்போர்டின் மேல் மடிப்பில் வெட்டு, ஒட்டு, நிற வேறுபாடு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். அந்த விற்பனையாளர் "பல்ப் போயிருக்குங்க" என்றார். நாங்கள் வந்துவிட்டோம்.

இரண்டாவது வண்டி சென்னைப் பதிவு எண் கொண்டது. 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை வண்டி என்றால் இருக்கைக்கு அடியில் குனிந்து பார்க்காமல் நான் விடுவதில்லை. ஏர்பேக், பெல்ட் இழுவை ஆகியவற்றின் மஞ்சள் நிற இணைப்பிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பச்சைக் களிம்போ காய்ந்த சேறோ தெரிந்தால், அன்றைக்கு விளக்கு அணைந்தாலும் நாளைக்கு அந்தப் பை விரியும் என்று சொல்ல முடியாது. இந்த வண்டியில் சுத்தமாக இருந்தது. தரை விரிப்பைத் தூக்கினால் துரு இல்லை. பெல்ட்டுகளை முழுக்க இழுத்துப் பார்த்ததில் பட்டை ஓரம் நைந்திருக்கவில்லை, உருகிய கோடும் இல்லை, வெடுக்கென்று இழுத்தால் உடனே பூட்டிக்கொண்டது. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்து ஏர்பேக் கணினியைப் படிக்கச் சொன்னோம். பழைய கோளாறுப் பதிவுகள் எதுவும் இல்லை.

குறை இருந்தது டயரில் மட்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் சொல்லும். அதில் 0520 என்று இருந்தது. பட்டன் இன்னும் பாதி மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகி, ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. இப்படிப்பட்ட டயரில் ஏபிஎஸ் எவ்வளவு அடிக்கடி பிடித்து விட்டாலும் ஈரச் சாலையில் பிடிப்பு கிடைக்காது. மாப்பிள்ளை நான்கு புது டயருக்கும் விலை விசாரித்து, அந்தத் தொகையை வண்டி விலையில் குறைத்துப் பேசி முடித்தார். குழந்தை இருக்கையை அதற்கு மறுநாளே தங்கை வாங்கிவிட்டாள்.